தோல் துண்டில் இருபது பிகோகிராம்: ஜிசி டிடெக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரே நாளில் மூன்று விதமான சாம்பிள் வருவது சகஜம். காலையில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து உப்பிய பை ஒன்றில் பயோகேஸ் வரும். பதினோரு மணி வாக்கில் மேல்விஷாரத்திலிருந்து, தோலுக்கு மேல்பூச்சு அடிக்கும் கரைப்பான் கண்ணாடி பாட்டிலில் வரும். மத்தியானம் பேரணாம்பட்டிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தோல் துண்டு வரும். அதோடு பின் குத்திய சீட்டில் "பிசிபி பார்க்கவும்" என்று எழுதியிருக்கும். பிசிபி என்றால் பென்டாகுளோரோஃபீனால்.

மூன்றுமே கேஸ் குரோமட்டோகிராஃபுக்கு, அதாவது ஜிசிக்குத்தான் போகும். ஜிசி செய்யும் வேலை என்ன? கலவையை ஆவியாக்கி, ஒரு நீளமான மெல்லிய குழாய்க்குள் கேரியர் வாயுவோடு அனுப்புகிறது. ஒவ்வொரு பொருளும் குழாயின் உள்பூச்சில் ஒட்டி ஒட்டிப் போவதால், ஒன்று முன்னால் வெளிவரும், இன்னொன்று பின்னால் வரும். பிரிப்பதோடு குழாயின் வேலை முடிந்தது. வெளியே வருவதைக் கண்டு சொல்வது குழாயின் கடைசியில் இருக்கும் டிடெக்டர். கல்லூரியில் டிடெக்டர் பாடத்தைப் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் எஃப்ஐடி, டிசிடி, ஈசிடி மூன்றின் படத்தையும் அழகாகப் போட்டுக் காட்டுவார்கள். ஆனால் இந்தத் தோல் துண்டைக் கையில் கொடுத்து "இதை எதில் போடுவாய்?" என்று கேட்டால் தடுமாறுவார்கள். அதனால் படத்தை விட்டுவிட்டு, இந்த மூன்று சாம்பிளையும் வைத்தே சொல்கிறேன். அதிக நேரம் தோல் துண்டோடுதான் இருக்கப்போகிறோம்.

முதலில் பயோகேஸ் பை. உள்ளே இருப்பது பெரும்பாலும் மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும். கொஞ்சம் காற்று கலந்திருந்தால் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இருக்கும். எல்லாமே சதவீதக் கணக்கில், அதாவது ஏராளமாக இருக்கிறது. இதற்கு டிசிடி, வெப்பக் கடத்துத் திறன் டிடெக்டர்.

அதற்குள் மின்சாரத்தால் சூடேறிய மெல்லிய உலோக இழை ஒன்று இருக்கும். அதைச் சுற்றி ஹீலியம் ஓடிக்கொண்டே இருக்கும். ஹீலியம் சூட்டை மிக வேகமாக வாங்கிக்கொண்டு போகும் வாயு. நைட்ரஜனைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஹீலியத்தோடு கார்பன் டை ஆக்சைடு கலந்து வரும்போது, இழைக்கு யாரோ போர்வை போர்த்திவிட்ட மாதிரி ஆகிவிடும். சூடு வெளியே போகாமல் இழை இன்னும் காய்கிறது, அதன் மின்தடை கூடுகிறது, அந்த மாற்றம் குரோமட்டோகிராம் என்ற வரைபடத்தில் மேடாக, அதாவது பீக்காகத் தெரிகிறது. வருவது எந்தப் பொருளாக இருந்தாலும், ஹீலியத்திலிருந்து வேறுபட்டால் போதும். அதனால்தான் டிசிடிக்கு எல்லாமே தெரியும். ஆனால் கூர்மை குறைவு, ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கான பிகோகிராம் அளவுக்கெல்லாம் அது இறங்காது.

இதே பையை, எரியும் கார்பன் பொருட்களை மட்டும் காணும் எஃப்ஐடியில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மீத்தேனுக்கு மட்டும் அழகான ஒரு பீக் வரும். மற்ற மூன்று வாயுக்களும் கண்ணிலேயே படாது. ஒரு முறை டிசிடியில் எங்களுக்கு வந்த மாதிரிக் கணக்கைப் பாருங்கள்: மீத்தேன் 60 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 31, நைட்ரஜன் 7, ஆக்சிஜன் 1.9. நைட்ரஜனை ஆக்சிஜனால் வகுத்தால் 3.7 வருகிறது. நாம் மூச்சு விடும் காற்றில் இருக்கும் விகிதம் அதுதான். அப்படியென்றால் பையில் வாயு பிடிக்கும்போது ஏறக்குறைய 9 சதவீதம் வெளிக்காற்று புகுந்துவிட்டது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் உண்மையான மீத்தேன் 66 சதவீதம் பக்கம் வரும். எஃப்ஐடி 60 என்று மட்டும் சொல்லியிருக்கும், பை ஒழுகியதைச் சொல்லியிருக்காது. டிசிடியில் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்றுதான். சிலிண்டர் தீர்ந்து ஹீலியம் நின்றுபோன பிறகும் இழையில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் இழை போய்விடும். காற்று புகுந்தால் இன்னும் சீக்கிரம் போகும். அதனால் வாயுவை முதலில் திறக்க வேண்டும், இழையைக் கடைசியில் போட வேண்டும். நிறுத்தும்போது நேர்மாறாக.

இரண்டாவது, கரைப்பான் பாட்டில். டொலுவீன், பியூட்டைல் அசிட்டேட், எத்தில் அசிட்டேட் மாதிரியான ஆட்கள் உள்ளே இருப்பார்கள். எல்லாமே கார்பனும் ஹைட்ரஜனும் கொண்டவை, எரியக்கூடியவை. இதற்கு எஃப்ஐடி, சுடர் அயனியாக்க டிடெக்டர். ஹைட்ரஜனும் காற்றும் சேர்ந்து எரியும் சின்னச் சுடருக்குள் அந்தப் பொருள் போய் எரியும்போது, கார்பன் அணுக்களில் மிகச் சிறிய ஒரு பங்கு மின்னூட்டம் பெற்ற துகளாக மாறுகிறது. பக்கத்தில் இருக்கும் மின்முனை அதைச் சேகரித்து மின்னோட்டமாகக் காட்டுகிறது. எத்தனை கார்பன் எரிந்ததோ கிட்டத்தட்ட அத்தனைக்கு ஏற்ற பீக். பத்து லட்சம் மடங்கு அளவு மாறினாலும் நேர்கோட்டில் போகும். தண்ணீர் தெரியாது என்பதை நிறையப் பேர் குறையாகச் சொல்வார்கள். எங்களுக்கு அது பெரிய வரம். இப்போது நிறைய மேல்பூச்சு தண்ணீரில் கலந்துதான் வருகிறது, அந்தத் தண்ணீர் குரோமட்டோகிராமில் குறுக்கே வந்து நிற்காது. சுடர் எரிகிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. ஹைட்ரஜன் சுடருக்கு நிறமில்லை. பளபளப்பான ஒரு ஸ்பேனரை எடுத்து டிடெக்டரின் வாய்க்கு மேலே ஒரு நொடி பிடித்தால், சுடர் இருந்தால் அதில் பனி படர்ந்த மாதிரி ஈரம் பூக்கும். பூக்கவில்லை என்றால் சுடர் அணைந்திருக்கிறது.

இப்போது தோல் துண்டுக்கு வருவோம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வட ஆற்காட்டு டேனரிகளுக்குப் பெரிய தலைவலி பூசணம். குரோம் போட்டு நீல நிறத்தில் ஈரமாக அடுக்கி வைத்த வெட் ப்ளூ தோலில் நாலு நாளில் வெள்ளையும் பச்சையுமாகப் புள்ளி பூக்கும். அதைத் தடுக்கத்தான் ஒரு காலத்தில் பிசிபியைப் போட்டார்கள். மலிவு, நன்றாகவும் வேலை செய்யும். ஆனால் அது நஞ்சு, லேசில் சிதையாது. 1989 கடைசியில் ஜெர்மனி, தோலில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் பிசிபி இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. ஐரோப்பாவுக்குத் தோல் அனுப்பிக்கொண்டிருந்த ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஊர்களுக்கு அது பெரிய இடி. இன்றைக்கு யாரும் தெரிந்தே அதைப் போடுவதில்லை. ஆனாலும் ஏற்றுமதிக்குப் போகும் தோலுக்கு "இல்லை" என்று அளந்து காட்ட வேண்டியிருக்கிறது.

சரி, அந்த 5 மில்லிகிராம் வரம்பில் சரியாக நிற்கும் ஒரு தோல் வந்தால், டிடெக்டருக்கு எவ்வளவு போய்ச் சேரும்? டிடெக்டர் தேர்வுக்கு இந்தக் கணக்குதான் முதல் படி. பொருளின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுத்தால் பாதி நேரம் தப்பாகும்.

தோலைப் பொடியாக நறுக்கி 1 கிராம் எடுக்கிறோம். அதில் இருக்கும் பிசிபி 5 மைக்ரோகிராம். அமிலம் சேர்த்து நீராவியில் காய்ச்சி வடிக்கிறோம். பிசிபி நீராவியோடு கிளம்பி வந்து 500 மில்லி குடுவையில் சேரும். அதில் 100 மில்லியைப் பிரித்து எடுத்தால் 1 மைக்ரோகிராம். அங்கே அசிட்டிக் அன்ஹைட்ரைடு சேர்த்து நன்றாகக் குலுக்குகிறோம். பிசிபியின் கையில் இருக்கும் ஓஎச் அசிட்டேட்டாக மாறிவிடும். இந்த மாற்றத்துக்கும் டிடெக்டருக்கும் சம்பந்தமில்லை. ஓஎச் அப்படியே இருந்தால் பிரிப்புக் குழாயில் ஒட்டிக்கொண்டு வால் நீண்ட பீக் வரும், ஹெக்சேனுக்குள்ளும் ஒழுங்காக ஏறாது. அசிட்டேட்டானதும் ஹெக்சேனுக்குள் சுலபமாக வந்துவிடும். ஹெக்சேனைச் சேர்த்து மொத்தம் 50 மில்லி ஆக்குகிறோம். அந்த 50 மில்லியில் 1 மைக்ரோகிராம், அதாவது ஒரு மைக்ரோலிட்டரில் 20 பிகோகிராம். ஊசியில் ஒரு மைக்ரோலிட்டர் செலுத்தினால் குழாய்க்குள் போவது அந்த 20 பிகோகிராம்தான்.

டிசிடிக்கு இது இருட்டில் கருப்புப் பூனை. அதற்கு நானோகிராம் கணக்கில் வேண்டும், ஒரு நானோகிராம் ஆயிரம் பிகோகிராம். எஃப்ஐடியோ நூறு பிகோகிராமுக்குக் கீழே தடுமாற ஆரம்பித்துவிடும். அதுவும் இங்கே எரிவதற்கு இருப்பது எட்டு கார்பன், அதிலும் ஐந்து குளோரினைச் சுமந்துகொண்டிருக்கிறது.

"அப்போ ஹெக்சேனை ஆவியாக்கி நூறு மடங்கு சுண்ட வைத்தால் எஃப்ஐடியிலேயே தெரியுமே சார்?" என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. 50 மில்லியை அரை மில்லியாக்கினால் 2,000 பிகோகிராம் கிடைக்கும், எஃப்ஐடிக்கு அது போதும். செய்து பார்க்கவும் சொன்னேன். குரோமட்டோகிராமில் புதர் மாதிரி பீக்குகள் வந்து நின்றன. தோலை மிருதுவாக்கப் போட்ட எண்ணெயிலிருந்து நீராவியோடு வந்தவை, தோலின் சொந்தக் கொழுப்பிலிருந்து வந்தவை, ஹெக்சேனிலேயே இருந்த அழுக்கு, எல்லாமே பிசிபியோடு சேர்ந்து நூறு மடங்கு சுண்டியிருந்தன. கார்பன் இருக்கும் ஒவ்வொன்றையும் எஃப்ஐடி ஒரே மாதிரி பார்க்கிறது. அந்தப் புதரில் எது பிசிபி என்று அவனாலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

இங்கேதான் ஈசிடி வருகிறது, எலக்ட்ரான் கவர் டிடெக்டர். ஜேம்ஸ் லவ்லாக் 1957 வாக்கில் உருவாக்கியது. உள்ளே நிக்கல்-63 பூசிய தகடு ஒன்று இருக்கிறது. அது கதிரியக்கப் பொருள். அரை ஆயுள் ஏறக்குறைய நூறு வருஷம். அதிலிருந்து கிளம்பும் பீட்டாத் துகள்கள் அங்கே ஓடும் நைட்ரஜனில் மோதி, மெதுவாக நகரும் எலக்ட்ரான்களை ஏராளமாக உண்டாக்கும். அவை மின்முனைக்குப் போய்ச் சேருவதால் ஒரே சீரான மின்னோட்டம் இருந்துகொண்டே இருக்கும்.

ஏரி மதகிலிருந்து சீராகத் தண்ணீர் ஓடும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். கடைமடையில் நின்று தண்ணீரின் அளவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நடுவில் ஒருவர் மோட்டார் போட்டு இறைத்தால் கடைமடையில் உடனே குறையும். யார் இறைத்தார் என்று தெரியாது, எவ்வளவு குறைந்தது என்று தெரியும். அந்தக் குறைவைத்தான் கருவி மேல்நோக்கிய பீக்காக வரைந்து காட்டுகிறது. ஈசிடியில் அந்த மோட்டார் குளோரின், புரோமின், அயோடின், நைட்ரோ தொகுதி மாதிரி எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும் அணுக்களும் தொகுதிகளும். பிசிபியில் ஒரே வளையத்தில் ஐந்து குளோரின். ஐந்து மோட்டார் ஒன்றாகப் போட்ட மாதிரி. தோல் எண்ணெயும் கொழுப்பும் வாய்க்கால் கரையோரம் சும்மா நடந்து போகிறவர்கள். அவர்கள் எத்தனை பேர் போனாலும் தண்ணீர் குறையாது. அதே தம்பியின் சுண்ட வைக்காத ஹெக்சேனை ஈசிடியில் ஒரு மைக்ரோலிட்டர் போட்டபோது, பீக் இல்லாத இடத்தில் ஓடும் கோடான பேஸ்லைன் தட்டையாக ஓடி, அந்த 20 பிகோகிராம் தனியாக நிமிர்ந்து நின்றது. ஒரு பிகோகிராமுக்குக் கீழே கூட அதனால் பார்க்க முடியும்.

இந்த வாய்க்கால் கதையை நான் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம், ஈசிடியில் வரும் கோளாறுகள் எல்லாமே இதிலிருந்து விளங்கிவிடும் என்பதுதான்.

வாய்க்காலில் இருக்கும் தண்ணீர் அவ்வளவுதான். எல்லாரும் இறைத்துத் தீர்த்துவிட்டால், இன்னொரு மோட்டார் போட்டாலும் கடைமடையில் மேற்கொண்டு குறைய ஒன்றுமில்லை. அதே மாதிரி பிசிபி ரொம்ப அதிகமாக இருக்கும் சாம்பிளில் ஈசிடி நிரம்பிப்போகும். அளவு இரண்டு மடங்கானாலும் பீக் இரண்டு மடங்காகாது. பார்க்க அழகான பீக்காகத்தான் இருக்கும், எண்ணும் வரும், ஆனால் உண்மையைவிடக் குறைவாக வரும். வாடிக்கையாளருக்கு "வரம்புக்குள் இருக்கிறது" என்று தப்பாக எழுதிக் கொடுக்கும் ஆபத்து இங்கேதான். கண்டுபிடிக்கும் வழி சுலபம்: அதே ஹெக்சேனைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடியும் போடுங்கள். பீக் பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். ஆறில் ஒன்றாகத்தான் குறைந்தது என்றால் முதல் அளவை நம்பக் கூடாது, இன்னும் நீர்க்கச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, ஆக்சிஜன். அதுவும் எலக்ட்ரானைப் பிடிக்கும். நைட்ரஜன் சிலிண்டர் 99.999 சதவீதம் சுத்தமாக இல்லை என்றாலோ, குழாய் இணைப்பில் ஒரு நட் லூசாக இருந்தாலோ, யாரோ மேலே நின்று இடைவிடாமல் இறைப்பது மாதிரி. பேஸ்லைன் உயர்ந்தே நிற்கும், கூர்மை குறையும். நவீன ஈசிடிகளில் பேஸ்லைன் எண் Hz என்ற அலகில் திரையில் தெரியும். சுத்தமாக இருக்கும் நாளில் அந்த எண் என்ன என்று லாக் புத்தகத்தில் எழுதி வைப்பது எங்கள் பழக்கம். ஒவ்வொரு கருவிக்கும் அது வேறாக இருக்கும், அதனால் புத்தகத்தில் படித்த எண்ணைவிட உங்கள் கருவியின் நல்ல நாள் எண்தான் முக்கியம். அது படிப்படியாக ஏறினால் கசிவோ அழுக்கோ சேர்கிறது.

மூன்றாவது நானே பட்டது. பழைய லேப் ஒன்றில், வேறு வேலைக்கு டைகுளோரோமீத்தேனில் கழுவிய ஊசியைக் காயவிடாமல் எடுத்து ஈசிடியில் போட்டுவிட்டேன். பிகோகிராம் பார்க்கும் கருவிக்கு மைக்ரோகிராம் கணக்கில் குளோரின். பேஸ்லைன் எகிறிப் போய் அப்படியே உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு போட்ட, அளவு முன்பே தெரிந்த கரைசலான ஸ்டாண்டர்டில் பீக் முடிந்ததும் கோடு பேஸ்லைனுக்குக் கீழே பள்ளமாக இறங்கியது. அழுக்கான ஈசிடியின் அடையாளம் அந்தப் பள்ளம். சாம்பிள் எதுவும் போடாமல், டிடெக்டரை 350 டிகிரியில் வைத்து நைட்ரஜனை மட்டும் ஓடவிட்டு இரண்டு நாள் காய வைத்த பிறகுதான் பழைய எண்ணுக்குத் திரும்பியது. அழுக்கு என்பதற்காக ஈசிடியை யாரும் திறந்து துடைக்கக் கூடாது. உள்ளே இருப்பது கதிரியக்கத் தகடு. இந்தியாவில் அதை வைத்திருக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும், கசிவு இருக்கிறதா என்று துடைத்துப் பார்க்கும் சோதனையைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும், வெளியேறும் வாயுவைக் குழாய் வழியே கட்டடத்துக்கு வெளியே விட வேண்டும். கரைப்பானுக்கு ஹெக்சேனை எடுப்பதன் காரணமும் இப்போது புரிந்திருக்கும். அதில் எலக்ட்ரானைப் பிடிக்க ஒன்றுமே இல்லை.

கடைசியாக, யார் இறைத்தார் என்று ஈசிடிக்குத் தெரியாது என்று சொன்னேனே, அது. பிசிபி வரவேண்டிய நிமிஷத்தில் பீக் வந்தால், அந்த நேரத்தில் எலக்ட்ரான் பிடிக்கும் ஏதோ ஒன்று வந்தது என்று மட்டும்தான் பொருள். பிளாஸ்டிக் மூடி, கையுறை, குழாய் இவற்றிலிருந்து வரும் தாலேட்டுகள் ஈசிடியில் நன்றாகவே தெரியும். அதனால் தோல் போடாமல், மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்த ஒரு வெற்று சாம்பிளை ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்ட வேண்டும். தோலில் வந்த பீக் அதிலும் வந்தால், அது நம் லேபின் பிளாஸ்டிக். வராமல் தோலில் மட்டும் வந்து, அளவும் வரம்பைத் தாண்டினால், உள்பூச்சு வேறான இன்னொரு பிரிப்புக் குழாயில் மறுபடி போட்டுப் பார்க்கிறோம். அங்கேயும் பிசிபி ஸ்டாண்டர்ட் வரும் அதே நேரத்தில் வந்து, அளவும் ஒத்துப்போனால்தான் அறிக்கையில் எழுதுவோம். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கும் லேபில் அதிலேயே உறுதி செய்துவிடலாம். ஸ்டாண்டர்டைப் பற்றியும் ஒரு வார்த்தை: எஃப்ஐடியில் ஒரு பொருளின் அளவுக் கணக்கை வைத்து அதே ஜாதிப் பொருள் ஒன்றை உத்தேசமாகவாவது அளக்கலாம். ஈசிடியில் அந்தப் பேச்சே கிடையாது. ஒரு குளோரின் உள்ள குளோரோபென்சீனுக்கும் நாலு குளோரின் உள்ள கார்பன் டெட்ராகுளோரைடுக்கும் ஈசிடியின் உணர்வு பல்லாயிரம் மடங்கு வித்தியாசப்படும். எதை அளக்கிறோமோ அதே பொருளின் ஸ்டாண்டர்டை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

சில வாரம் கழித்து அதே தம்பி ஒரு பாட்டிலோடு வந்தான். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றிலிருந்து வந்த பசை. அதில் டைகுளோரோமீத்தேன் எத்தனை சதவீதம் என்று கேட்டிருந்தார்கள். "குளோரின் இருக்கு சார், ஈசிடியில் போட்டுடட்டுமா?" என்றான். எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். "நாலஞ்சு பர்சன்ட் இருக்கலாம்" என்றான். ஒரு மைக்ரோலிட்டரில் எவ்வளவு போகும் என்று கணக்குப் போடச் சொன்னேன். தாளில் போட்டான்: ஒரு மைக்ரோலிட்டர் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம், அதில் ஐந்து சதவீதம் என்றால் 50 மைக்ரோகிராம், பிகோகிராமில் சொன்னால் ஐந்து கோடி. தாளை ஒரு முறை பார்த்தான், பாட்டிலை ஒரு முறை பார்த்தான். அப்புறம் பசையை நீர்க்கச் செய்து எஃப்ஐடி பக்கம் எடுத்துக்கொண்டு போனான். டைகுளோரோமீத்தேனில் எரிய ஒரு கார்பன்தான் இருக்கிறது, பீக் டொலுவீனைவிடச் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் அதன் சொந்த ஸ்டாண்டர்டை வைத்து அளக்க அது தாராளமாகப் போதுமானதாக இருந்தது.